ராத்திரி ஒப்பித்த வாய்ப்பாடு காலையில் எங்கே போகிறது?

கருவில் இருக்கும்போது தாய் குடித்த மதுவால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி (டாக்டர்கள் சீட்டில் எஃப்.ஏ.எஸ்.டி. என்று எழுதுவார்கள்) வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நான் டெல்டா பக்கம் அரசுப் பள்ளிகளுக்குப் போகும் சிறப்பாசிரியர், டாக்டர் இல்லை. மாத்திரை மருந்து பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

மன்னார்குடி பக்கம், பெரியம்மா: தங்கச்சி பையனை நாங்கதான் வளக்குறோம், அஞ்சாவது படிக்கிறான். அவ மாசமா இருந்தப்ப காரைக்கால் சாராயம் குடிச்சது ஊருக்கே தெரியும். டாக்டர் எஃப்.ஏ.எஸ்.டி.ன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி ஏழாம் வாய்ப்பாட்ட கடகடன்னு ஒப்பிக்கிறான், காலையில டீச்சர் கேட்டா முழிக்கிறான். திமிருன்னு அடி விழுது. டியூஷன் வச்சா சரியாகுமா?

டியூஷன் வேண்டாம் அக்கா. பள்ளிக்கூடத்தில் களைத்துப்போன மூளையை சாயங்காலம் இன்னும் ரெண்டு மணி நேரம் கசக்கினால் ராத்திரி தூக்கம்தான் கெடும். படித்தது உள்ளே இருக்கிறது, வேண்டிய நேரத்தில் எடுக்க வருவதில்லை, அதுதான் இந்தப் பிள்ளைகளின் சிக்கல். ஆற்றில் தண்ணீர் இருந்தும் மதகு ஒரு நாள் திறக்கிறது, ஒரு நாள் திறக்க மாட்டேன் என்கிறது, அந்த மாதிரி. நேற்றுச் சொன்னானே, இன்றைக்கு வேண்டுமென்றே சொல்லவில்லை என்று டீச்சருக்குத் தோன்றுவது இயல்புதான், ஆனால் அது தப்பு. அடியைப் பொறுத்தவரை, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அடிக்கவே கூடாது. அதைச் சண்டையாக இல்லாமல் தலைமையாசிரியரிடம் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

வாய்ப்பாட்டை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அவன் மேசையிலேயே ஒட்டிவிடச் சொல்லுங்கள். பார்த்துப் போடட்டும். 7x6 எவ்வளவு என்று தேடி எடுப்பதிலேயே தீர்ந்துபோகும் சக்தி, கணக்கு என்ன கேட்கிறது என்று யோசிப்பதற்கு மிச்சமாகும். அப்புறம், இந்தப் பிள்ளைகள் பலருக்கு வாசிப்பு ஓரளவு வந்துவிடும், கணக்குதான் கடைசி வரை இழுக்கும், அதிலும் காசும் நேரமும். அதனால் வீட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு, 10 ரூபாய் நாணயங்களாக நாலு கொடுத்து, அதே கடையில், அதே பொருளை, ஒரே மாதிரி வாங்க வையுங்கள். வாரக்கணக்கில் ஒரே பொருள்தான், உங்களுக்குச் சலித்துப்போகும், அவனுக்குச் சலிக்காது. அது கைக்கு வந்த பிறகு கடையை மாற்றினால் முதலிலிருந்து தொடங்குவது போல இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதும் இவர்களுக்குத் தனி வேலை.

திமிரா, முடியவில்லையா என்று பார்க்க நான் செய்வது இது. "குளிச்சிட்டு யூனிபார்ம் போட்டுப் பைய எடுத்துட்டு வா" என்று சொன்னால் அவன் குளிக்கப் போய், அங்கே வாளியில் தண்ணீரைத் தட்டிக்கொண்டு நிற்பான். மறுநாள் "குளி" என்று மட்டும் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள், நடுவில் மறுபடி சொல்லாதீர்கள். முடித்து வந்ததும் அடுத்தது. ஒவ்வொன்றாகச் சொன்னால் செய்கிறான், சேர்த்துச் சொன்னால் நின்றுபோகிறான் என்றால் அது திமிர் இல்லை.

வேதாரண்யம், அப்பா: எனக்குத்தான் குடிப்பழக்கம், டாஸ்மாக் சரக்கு. என் மனைவி தொட்டதே இல்ல. பையன் படிப்புல மட்டம். அப்ப இது எஃப்.ஏ.எஸ்.டி.தானே?

இல்லைங்க. கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தம் வழியாகக் கருவுக்குப் போகும் மதுவால் வருவதற்குத்தான் இந்தப் பெயர். அப்பாவின் குடி கருவை எப்படித் தொடுகிறது என்று விலங்குகளை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் அதை வைத்து உங்கள் பையனுக்கு இந்தப் பெயரை யாரும் எழுத மாட்டார்கள். படிப்பில் மட்டம் என்பதற்குக் காது கேட்காததிலிருந்து தொடங்கி நிறையக் காரணம் உண்டு. கண், காது பரிசோதனை முதலில். வீட்டில் தினம் ராத்திரி சத்தம் இருந்தால் அதையும் ஒரு காரணமாக எழுதிக்கொள்ளுங்கள்.

திருவாரூர், சித்தி: முகத்துல அடையாளம் இருந்தாத்தான் இந்த நோய்னு ஒரு வீடியோவுல பாத்தேன். எங்க பாப்பா முகம் லட்சணமா இருக்கு. அப்ப இல்லதானே?

பாதி சரி. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் மழமழவென்று இருப்பது, மேலுதடு மெல்லியதாக இருப்பது, கண் திறப்பு சின்னதாக இருப்பது என்று மூன்று அடையாளம் சொல்வார்கள். மூன்றும் இருந்தால், தாய் குடித்தாரா என்ற தகவல் கிடைக்காவிட்டாலும் டாக்டரால் முடிவுக்கு வர முடியும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முகத்தில் ஒன்றுமே தெரியாது. முகம் உருவாவது கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில், மூளை வளர்வதோ பத்து மாதமும். லட்சணமான முகம் உள்ள பிள்ளைக்குத்தான் அடி அதிகம் விழுகிறது என்பது என் அனுபவம், யாருக்கும் சந்தேகமே வராது.

பெயர் வேண்டாம், தாய்: நடவு சீசன்ல உடம்பு வலிக்குன்னு எல்லாரும் சேந்து குடிப்போம். மாசமா இருக்கறது மூணு மாசம் வரைக்கும் எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட இத சொல்லணுமா? சொன்னா என்ன நெனப்பாங்க?

சொல்லுங்கம்மா. இதற்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எதுவும் கிடையாது. முகத்தில் அடையாளம் இல்லாத பிள்ளைக்கு நீங்கள் சொல்லும் அந்த ஒரு தகவல்தான் ஆதாரம், அது இல்லாவிட்டால் "கவனக்குறைவு" என்றோ "செல்லம் கொடுத்துக் கெட்டது" என்றோ சீட்டு முடிந்துவிடும். சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன குடித்தது, வாரத்தில் எத்தனை நாள், ஒரு நேரத்தில் எவ்வளவு, எந்த மாதத்தோடு நின்றது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டிவிடுங்கள். தெருவில், பள்ளியில் சொல்ல வேண்டிய அவசியமில்லை, "மூளை வளர்ச்சியில் ஒரு குறை, ஞாபகம் தங்காது" என்றால் பள்ளிக்குப் போதும்.

கும்பகோணம், ஓய்வுபெற்ற செவிலியர்: கேள்வி இல்லை, ஒன்று சேர்க்கிறேன். எங்கள் காலத்தில் பிரசவம் ஆனதும் பிராந்தி கொடுக்கும் வீடுகள் உண்டு. அதனால் வந்ததோ என்று பல தாய்மார் அழுவார்கள். பிறந்த பிறகு குடித்தது இதற்குக் காரணம் ஆகாது.

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. தாய்ப்பால் வழியாகப் போவது வேறு கெடுதல், அது இந்தக் கணக்கில் வராது.

நாகப்பட்டினம், மாமா: பெட்டிக்கடையில பிஸ்கட் எடுத்துட்டு வந்துட்டான். கேட்டா "கடைக்கார அண்ணன் குடுத்தாரு"ங்கறான். கடைக்காரர் இல்லன்றாரு. நாலு தடவ கேட்டா நாலு கதை. ஞாயித்துக்கெழம வரைக்கும் திருடாம இருந்தா பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன், திங்கக்கெழமயே மறுபடி எடுத்துட்டான்.

நாலு தடவை கேட்டதுதான் நாலு கதைக்குக் காரணம். எடுத்த நிமிடம் அவனுக்குக் கோர்வையாக ஞாபகம் இல்லை, நீங்களோ முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பதில் வேண்டும் என்கிறீர்கள், அந்த ஓட்டையைக் கிடைத்ததை வைத்து அடைக்கிறான். பல நேரம் தான் சொல்வதை அவனே நம்புகிறான். "ஏன் எடுத்தே?" என்று கேட்காதீர்கள். "இந்த பிஸ்கட் கடையோடது, வா குடுத்துட்டு வரலாம்" என்று அப்போதே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டு அதோடு விடுங்கள். சாயங்காலம் அப்பா வந்ததும் விசாரணை வைத்தால், எதற்கு அடி வாங்குகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ரொம்ப தூரம். பரிசானாலும் தண்டனையானாலும் அந்த நிமிடத்தில் நடந்தால்தான் ஒட்டும், அப்போதும் எல்லா நாளும் ஒட்டாது. அதனால் தனியாகக் கடைக்கு அனுப்பாமல் இருப்பதுதான் உண்மையான வழி. பத்து வயதுப் பையனை இன்னும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பேச்சு பத்து வயது, நிதானம் ஐந்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையைக் கடையில் தனியாக விடுவீர்களா?

பட்டுக்கோட்டை பக்கம், நாலாம் வகுப்பு ஆசிரியை: மேடம், 38 பிள்ளைகள். ஒருத்தனைத் தனியாகக் கவனிக்க எனக்கு நேரம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் கத்துகிறான், நோட்டைக் கிழிக்கிறான்.

நேரம் கேட்காத மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன் டீச்சர். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதை நிறுத்துங்கள். நிமிர்ந்து பார்த்து, மனதில் பிடித்து, குனிந்து எழுதுவதற்குள் பாதி காணாமல் போகிறது, பகல் முழுக்க அதிலேயே அவன் தோற்றுக்கொண்டிருக்கிறான். பக்கத்துப் பிள்ளையின் நோட்டு மேசையில் இருந்தால் போதும். ரெண்டாவது, பத்துக் கணக்குக்குப் பதில் நாலு, அதையும் காலையிலேயே. மூன்றாவது, கத்துவதற்கு முன்னால் அவன் ஏதாவது செய்வான், காதைத் தேய்ப்பது, பெஞ்சை ஆட்டுவது, சிரிப்பே நிற்காமல் போவது. ஒரு வாரம் கவனித்தால் பிடிபடும். அது தொடங்கியதும் வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்துத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்புங்கள், நடந்து வரட்டும். கத்த ஆரம்பித்த பிறகு எதுவும் பேசாதீர்கள், அப்போது எதுவும் உள்ளே போகாது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தால் இடத்தையும் மாற்றிப் பாருங்கள், அந்தக் கடகட சத்தம் நமக்குப் பழகிவிட்டது, அவனுக்கு இல்லை.

தஞ்சாவூர், தத்தெடுத்த அம்மா: மகளுக்கு 9 வயது. ஐ.க்யூ. 78 வந்தது. மாற்றுத்திறனாளி சான்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தனியாக உடை மாற்றக்கூடத் தெரியவில்லை. எப்படி வாங்குவது?

இது இன்னும் தீராத சண்டை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை உண்டு, எஃப்.ஏ.எஸ்.டி. என்று தனியாக ஒன்று இல்லை. வேறு கதவு வழியாகத்தான் போக வேண்டும். அறிவுசார் குறைபாடு என்ற கதவு 70க்கு மேல் போனால் அநேகமாக மூடிவிடும். கற்றல் குறைபாடு என்ற கதவில், 85க்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு சோதிக்கவே தயங்குகிறார்கள். உங்கள் மகள் சரியாக நடுவில் மாட்டிக்கொண்டாள், இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகள் நிறையப் பேர் அந்த நடுவில்தான் நிற்கிறார்கள்.

நான் செய்யச் சொல்வது, ஐ.க்யூ.வோடு நிறுத்தாமல், அன்றாட வேலைகளை எந்த வயதுக்கு ஏற்பச் செய்கிறாள் என்று அளக்கும் சமூக முதிர்ச்சிச் சோதனையையும் எடுத்துத் தரும்படி மனநல மருத்துவரிடம் கேளுங்கள். 78 ஐ.க்யூ. உள்ள பிள்ளைக்கு அதில் ஐந்து வயது என்று வந்தால் அந்தத் தாள் பேசும். அப்போதும் சான்று கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. சான்று இல்லாமலே வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் பார்வைக்குப் பதிவு செய்யலாம், அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு இதெல்லாம் வேண்டுமென்றால் மட்டும் சான்று கட்டாயம், அதனால் ஒன்பதாம் வகுப்பு வரும் வரை தள்ளிப்போடாமல் இப்போதிருந்தே தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கு மாறும்போது ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர் என்பது போய்ப் பாடத்துக்கு ஒருவர் வருவார், அங்கேதான் பலர் உடைகிறார்கள். ஜூனில் பள்ளி திறந்த வாரமே, எது வரும், எது வராது, கத்துவதற்கு முன் என்ன செய்வாள், என்ன செய்தால் அடங்குவாள் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, எத்தனை டீச்சரோ அத்தனை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுங்கள். ரெண்டு பக்கம் ஆனால் படிக்க மாட்டார்கள்.