கம்பெனி கேபும் பணியிடம்தான்

"ஓ.எம்.ஆரில் ஒரு பி.பி.ஓ.வில் வேலை. அதிகாலை 2.30-க்கு ஷிஃப்ட் முடியும், கடைசி டிராப் நான்தான். டிரைவர் கண்ணாடியை என் பக்கம் திருப்பிப் பார்ப்பதும் கண்டதைக் கேட்பதுமாக இருக்கிறார். டீமில் மற்ற பெண்களுக்கும் இதேதான். டீம் லீடரோ 'அவர் வெண்டர் ஆள், நம்ம ஸ்டாஃப் இல்லை' என்கிறார். எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைத்திருக்கிறோம். அது போதுமா?"

போதாது. அதற்கு முன், டீம் லீடர் சொன்னது தவறு. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலைக்காக நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியையும் பணியிடம் என்றே சொல்கிறது. டிரைவருக்குச் சம்பளம் யார் கொடுத்தாலும், அந்த வண்டியில் உங்கள் பாதுகாப்புக்கு நிறுவனமே பொறுப்பு. டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் டிக்கெட் போட்டதோடு நிற்காமல், உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து 3 மாதம் அவகாசம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.

குரூப்பில் "அந்தாளு நேத்தும் அப்படித்தான்" என்று இருக்கும். என்று, எங்கே, என்ன வார்த்தை என்பது இருக்காது. ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு அடுத்தவர் எழுதினால், "பேசி வைத்துச் சொல்கிறார்கள்" என்று எதிர்த்தரப்பு எளிதாகச் சொல்லிவிடும். அதனால் ஒவ்வொருவரும் தனித்தனியாக, தன் கண்ணால் பார்த்ததை மட்டும், தன் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதி அனுப்பிக்கொள்ளுங்கள். வேலையை விட்டால் அலுவலக மெயில் கையில் இருக்காது.

இரவு ஷிஃப்ட்டில் பலர் சறுக்குவது தேதியில்தான். ரோஸ்டரில் 11-ஆம் தேதி, சம்பவம் நடந்ததோ 12 அதிகாலை. இரண்டையும் எழுதுங்கள். இப்படி: "ரோஸ்டர் மார்ச் 11. மார்ச் 12 அதிகாலை 3.10, சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டியதும் கண்ணாடியைத் திருப்பி, 'தனியாத்தான் தங்கியிருக்கீங்களா' என்றார். நான் பேசவில்லை. 3.14-க்கு டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கு போன் செய்தேன்." அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், "அசிங்கமாகப் பேசினார்" என்று எழுதினால் குழுவால் எதையும் எடைபோட முடியாது.

வண்டியின் ஜி.பி.எஸ். பதிவு, கேமரா காட்சி, டெஸ்க் கால் ரெக்கார்டிங் எல்லாம் நிறுவனத்திடமோ வெண்டரிடமோதான் இருக்கும். பழையது தானாக அழிந்துகொண்டே போகும். இன்றே டிரிப் எண், தேதி குறிப்பிட்டு, இவற்றை அழிக்காமல் பாதுகாக்கும்படி குழுவுக்கும் டிரான்ஸ்போர்ட் பிரிவுக்கும் மெயில் போடுங்கள். ஆவணங்களை வரவழைக்க, சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கும் உண்டு. அந்த அதிகாரம் பயன்பட, பதிவு அழியாமல் இருக்க வேண்டுமே.

பழைய குரூப் மெசேஜ்களை அழிக்காதீர்கள். தானாக மறையும் வசதி ஆனில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். புகார் கொடுத்தபின் அதைப் பற்றிக் குரூப்பில் எதுவும் போட வேண்டாம்: புகாரின் விவரங்களை வெளியிடுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தடுக்கிறது.

"உங்களைப் பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றுகிறோம்" என்று சமாதானம் சொல்வார்கள். நீங்களாக விரும்பாவிட்டால் சம்மதிக்காதீர்கள், இரவுப்படி போய்விடும். அந்த டிரைவரை உங்கள் ரூட்டிலிருந்து எடுக்கும்படி புகாரிலேயே கேளுங்கள்.

தொட்டாலோ, வண்டியை வேறு வழியில் திருப்பினாலோ குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 112. போலீஸில் புகார் கொடுக்க நீங்கள் விரும்பினால், அதற்கு உதவ வேண்டியது அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடமை.