வரன் பார்க்கும் இடத்தில் பணமும் ஆதாரும் கேட்டால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு 31 வயது, திருச்சியில் ஆசிரியை. திருமணத் தளத்தில் அறிமுகமானவர் லண்டனில் இன்ஜினியர் என்கிறார். மூன்று வாரமாக வாட்ஸ்அப்பில் பேசுகிறோம். போன வாரம் எனக்குப் பரிசு அனுப்பியதாகச் சொல்லி பார்சலின் படம் அனுப்பினார். நேற்று டெல்லி கஸ்டம்ஸிலிருந்து என்று ஒரு பெண் போன் செய்து, 38,500 ரூபாய் வரி கட்டினால்தான் பார்சலை விடுவிப்போம் என்கிறார். அவரும் "கட்டிவிடு, வந்ததும் தருகிறேன்" என்கிறார். ஒருவேளை நிஜமாக இருந்தால், சந்தேகப்பட்டு அவர் மனதைப் புண்படுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பணம் அனுப்பாதீர்கள். கஸ்டம்ஸ் துறை யாருக்கும் போன் செய்து, தனிநபர் கணக்கில் வரி போடச் சொல்வதில்லை. அவர்கள் எழுத்தில் அனுப்பும் கடிதங்களில் டிஐஎன் என்ற எண் இருக்கும். அது உண்மையா என்று மறைமுக வரி வாரியமான சிபிஐசியின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பார்சலுக்கு நிஜமாகவே வரி வந்தால், தபால் துறையோ கூரியர் நிறுவனமோ ரசீது கொடுத்து வாங்கும். இன்னொரு சுலபமான அடையாளமும் உண்டு. பணம் போடச் சொல்லி அந்தப் பெண் கொடுக்கும் மொபைல் எண்ணையோ யுபிஐ ஐடியையோ யுபிஐ செயலியில் போட்டால், பணம் கட்டும் முன்பே கணக்கு வைத்திருப்பவரின் பெயர் தெரியும். அங்கே யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தால், அரசாங்கத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த மோசடி 38,500-உடன் நிற்காது. அதைக் கட்டியதும், "ஸ்கேன் செய்தபோது பார்சலுக்குள் பவுண்டு நோட்டுகள் தெரிந்தன, அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும்" என்று ஒரு லட்சத்துக்கு மேல் கேட்பார்கள். அதையும் கட்டினால் அபராதம் என்பார்கள். ஏற்கெனவே போட்ட பணம் வீணாகக் கூடாதே என்ற எண்ணம்தான் அடுத்த தொகையைக் கட்ட வைக்கும். முதல் தொகையை உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டி வைப்பதும் அதற்காகத்தான். உங்கள் சம்பளம் என்ன என்று பேச்சோடு பேச்சாக எப்போதாவது கேட்டிருக்கிறாரா, யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன பதில் சொல்வது? இப்படி எழுதுங்கள்: "அன்புக்கு நன்றி. பார்சல் எனக்கு வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் முடிவாகும் முன் பணம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மாவோடு வீடியோ காலில் பேசலாம், உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் சேருங்கள்." இதில் எங்கும் நீங்கள் அவரைக் குற்றம் சொல்லவில்லை. நல்லவராக இருந்தால் புண்பட ஒன்றுமில்லை, வீட்டாரோடு பேசவும் சம்மதிப்பார்.

"இப்போது கையில் பணம் இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காரணம் சொன்னால் அதற்கு மாற்று வழி சொல்வார்கள்: நகையை அடகு வையுங்கள், தோழியிடம் கேளுங்கள், பாதி கட்டுங்கள். கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை என்பது உங்கள் பழக்கம், அதில் பேரம் பேச இடமில்லை. அப்புறம் அவருக்குக் கோபம் வரும், அழுகை வரும், "வரி கட்டாவிட்டால் கைது" என்று அந்தப் பெண் மறுபடி கூப்பிடுவார். நீங்கள் கேட்காத பார்சலை வேண்டாம் என்பது குற்றமில்லை. அந்த அழைப்பை எடுக்க வேண்டாம். அவர் எழுதினால் அதே வரிகளை இன்னொரு முறை அனுப்பிவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: மகளுக்கு வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் என்று ஒருவர் முதல் போனிலேயே ஜாதகம், ஆதார் நகல், மகளின் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். ஜாதகம் கேட்பது வழக்கம்தானே? எதைக் கொடுப்பது, எதை மறுப்பது? (தந்தை, தஞ்சாவூர்)

பதில்: ஜாதகம் கேட்பதில் தப்பில்லை. ஆனால் நம் ஊரில் ஜாதகம் என்று அனுப்பும் தாளில் பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா பெயர், சில சமயம் வீட்டு முகவரி, போன் எண் எல்லாம் இருக்கும். வங்கியில் ஆளை உறுதிப்படுத்தக் கேட்கும் விவரங்களும் இவற்றில் இருக்கின்றன. பத்துப் பொருத்தம் பார்க்க நட்சத்திரம், பாதம், ராசி போதும். செவ்வாய் தோஷம் பார்க்க வேண்டுமென்றால் ராசிக் கட்டத்தையும் நவாம்சக் கட்டத்தையும் மட்டும் தனித்தாளில் எழுதி அனுப்புங்கள். பொருத்தம் இருக்கிறது என்று அவர்கள் சொல்லி, இரு வீட்டாரும் நேரில் பார்த்த பிறகு முழு ஜாதகம் கொடுக்கலாம்.

ஆதாரும் சம்பளச் சீட்டும் போனில் போக வேண்டாம். "வீட்டுக்கு வாருங்கள், நேரில் காட்டுகிறோம், உங்கள் பக்கத்து விவரத்தையும் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். நிஜ சம்பந்தி வீட்டார் எப்படியும் உங்கள் தெருவில், மகளின் அலுவலகத்தில் விசாரிக்கத்தான் போகிறார்கள், அதற்கு ஆதார் எண் தேவையில்லை. தவிர்க்க முடியாமல் கொடுத்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' என்ற வடிவம் ஆதார் தளத்திலேயே கிடைக்கிறது, அதைக் கொடுங்கள்.

கேள்வி: வரன் என்று பேசியவருக்கு நான் ஏற்கெனவே ஆதார், பான் இரண்டையும் படமெடுத்து அனுப்பிவிட்டேன். ஆள் இப்போது காணோம்.

பதில்: ஆதார் நகல் மட்டும் வைத்து உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, பதற வேண்டாம். உங்கள் பெயரில் கடனோ சிம்மோ வாங்கப் பார்க்கலாம், அதைத்தான் கவனிக்க வேண்டும். ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் எண்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்களுடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடுத்த மாதம் ஒன்று வாங்கி, தெரியாத கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: திருமணத் தளத்தில் அறிமுகமான பெண்ணோடு பேசத் தொடங்கி ஐந்து நாள்தான் ஆகிறது. தன் அம்மாவுக்கு மருந்து வாங்க 2,000 ரூபாய் கேட்கிறார். சின்னத் தொகைதானே? (கோவை, ஆண், 34)

பதில்: சின்னத் தொகை என்பதால்தான் கொடுக்கத் தோன்றுகிறது. நீங்கள் கொடுப்பவரா என்று தெரிந்துகொள்ள அது போதும். "எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு? என் அக்கா வந்து பார்த்துவிட்டு அங்கேயே பில் கட்டிவிடுவார்" என்று எழுதுங்கள். நிஜமாக அம்மா படுத்திருந்தால் ஊர், வார்டு எல்லாம் உடனே வரும். ஒருவேளை கொடுத்து, அவர் திருப்பித் தருவதாகச் சொல்லி க்யூஆர் கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் பெற யுபிஐ பின் எண் தேவையில்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்றுதான் பொருள்.

கேள்வி: திருமணத் தளத்தில் பேசியவருக்கு நேற்று இரவு 64,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். மோசடி என்று இன்று காலைதான் புரிந்தது. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பதில்: முதலில் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் போன கணக்கை முடக்க அதுதான் விரைவான வழி, பணம் அங்கிருந்து கைமாறும் முன் பிடித்தால்தான் மீட்க முடியும். தொகை, நேரம், உங்கள் வங்கியின் பெயர், அந்தப் பணப் பரிமாற்றத்துக்குச் செயலியில் இருக்கும் யுடிஆர் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்பதால், வங்கி தானாக ஈடு கட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அவரை இப்போதே பிளாக் செய்து உரையாடலை அழித்துவிடாதீர்கள். எண், புரொஃபைல், உரையாடல், கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு திருமணத் தளத்தில் புகார் செய்யுங்கள். முதலிலேயே புகார் செய்தால் புரொஃபைல் மறைந்து உங்கள் ஆதாரமும் போகும். சில நாளில் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று வேறொருவர் கூப்பிடலாம், அதுவும் மோசடிதான்.

வெட்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். 1930-க்கு விவரம் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்களைப் படித்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.