மளிகைக் கடைக்காரர் மெயில் ஐடி தரும்படி இலவசக் கையேட்டுக்குத் தலைப்பு வைப்பது

கேள்வி: மளிகைக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் விற்கிறோம். "சில்லறை வணிகத்தில் வெற்றி பெற 10 வழிகள்" என்று ஒரு இலவச பி.டி.எஃப். போட்டிருக்கிறோம். பார்க்கிறார்கள், மெயில் ஐடி மட்டும் தருவதில்லை. தலைப்பையும் அட்டை வரியையும் எப்படி மாற்றலாம்?

"வெற்றி", "வணிகம்" இரண்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் தன் வேலையை "சில்லறை வணிகம்" என்று நினைப்பதே இல்லை. அவர் கண்ணில் படுவது ரேக், கடன் நோட்டு, ஏஜென்சி பில், டேட் முடிந்த சரக்கு. இதில் ஏதாவது ஒன்றில் பணம் ஒழுகும் இடத்தைப் பிடித்துத் தலைப்பில் வையுங்கள். பத்தும் வேண்டாம், ஒன்று போதும். பத்து விஷயம் சொல்கிற கையேட்டை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவிடுவார்கள்.

டேட் முடிந்த சரக்கையே எடுத்துக்கொள்வோம். 90 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்கிற பாக்கெட் ஒன்று காலாவதியானால் போவது 90 ரூபாய். பாக்கெட்டுக்கு 10 ரூபாய் லாபம் என்றால், அதை ஈடுகட்ட இன்னும் 9 பாக்கெட் விற்க வேண்டும். இந்தக் கணக்கே தலைப்பு:

"ஒரு பாக்கெட் டேட் முடிஞ்சா ஒன்பது பாக்கெட் லாபம் போச்சு"

படிப்பவர் மனசுக்குள் தன் கடை லாபத்தைப் போட்டுப் பார்ப்பார். அதுதான் உங்களுக்கு வேண்டியது. "லட்சக்கணக்கில் மிச்சம்" மாதிரி எழுதினால் சீட்டுக் கம்பெனி நோட்டீஸ் என்று கடந்துவிடுவார்.

தலைப்பு நிறுத்திப் படிக்க வைக்கும். மெயில் ஐடியை வாங்க வேண்டியது அதன் கீழே வரும் அட்டை வரி. பெரும்பாலோர் அங்கே தலைப்பையே வேறு சொல்லில் திருப்பி எழுதி வீணாக்குகிறார்கள். யாருக்கு, கையில் என்ன கிடைக்கும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அங்கே சொல்லுங்கள். இவற்றைவிட முக்கியம், ஏன் மெயில் என்பது. கடைக்காரர் நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் இருப்பவர். "அதிலேயே அனுப்புங்களேன்" என்று கேட்பது நியாயம்தான். அதற்குப் பதில் இல்லாத அட்டை வரி தோற்கும். இப்படி எழுதலாம்:

"மளிகைக் கடைக்கு: எந்தச் சரக்கை எத்தனை நாள் முன்பே ஏஜென்சிக்கு எடுத்து வைப்பது? ரேக்கில் ஒட்ட 1 பக்க அட்டவணை. உங்கள் சரக்கைப் போட்டுக்கொள்ள எக்செல் ஷீட் மெயிலில் வரும். வாரம் 15 நிமிட வேலை."

எக்செல் ஷீட் கம்ப்யூட்டரில் திறக்க வசதியானது என்பதால் மெயில் கேட்பது இயல்பாகிவிடுகிறது. சொன்ன அட்டவணை கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். 15 நிமிடம் என்பதையும் ஒரு கடையில் செய்து பார்த்துவிட்டுப் போடுங்கள். ஏஜென்சிக்கு ஏஜென்சி ரிட்டர்ன் விதி மாறும். அதனால் நாள் கணக்கை நீங்களே அச்சடிக்காமல், சேல்ஸ்மேனிடம் கேட்டு நிரப்பக் கட்டம் விடுங்கள்.

ஐடி வந்தும் மெயில் போய்ச் சேராத தொல்லை ஒன்று உண்டு. பட்டனைத் தட்டியதும் பி.டி.எஃப். திறந்துவிட்டால், வாய்க்கு வந்த ஐடியைப் போட்டுவிட்டுப் போவார்கள். ஃபைலை மெயிலுக்கு மட்டும் அனுப்புங்கள். சிலர் ஜி.எஸ்.டி.க்குக் கொடுத்த ஆடிட்டர் ஐடியைப் போடுவார்கள். அங்கே போகும் மெயில் கடைக்காரர் கண்ணுக்கே வராது. "உங்கள் போனில் உள்ள ஜிமெயில் ஐடி" என்று கட்டத்தின் மேல் எழுதினால் இது குறையும். `gmail.con` மாதிரி தட்டுப்பிழையைக் குறைக்க, போனில் சேமித்த ஐடி தானாக வரும்படி கட்டத்தை இப்படி வையுங்கள்:

```
<input type="email" name="email" autocomplete="email">
```

பெயர், கடைப் பெயர், ஊர் என்று இன்னும் நாலு கட்டம் வேண்டாம். விளம்பர மெயிலும் அனுப்புவதாக இருந்தால் அதற்குத் தனி டிக் வையுங்கள், முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள்.

அட்டைப் படத்தை உங்கள் லேப்டாப்பில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, திறக்காமல் சின்னப் படமாகவே பாருங்கள். தமிழில் இகரக் குறி மேலேயும் உகரக் குறி கீழேயும் போவதால், ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளியில் இரண்டு வரியும் முட்டிக்கொள்ளும். தடித்த எழுத்தில், இடைவெளியைக் கூட்டி, தலைப்பை மட்டும் பெரிதாக வையுங்கள். அட்டை வரி அந்த அளவில் படிக்க வராது, எனவே அதையே படத்தோடு போடும் பதிவின் முதல் வரியாகவும் எழுதிவிடுங்கள்.

எது கோளாறு என்று எண்ணிக்கையே சொல்லும். லிங்கைத் தட்டுவோர் குறைவு என்றால் தலைப்பை மாற்றுங்கள். தட்டிவிட்டு ஐடி தராமல் போனால் அட்டை வரியையோ படிவத்தையோ பாருங்கள். ஐடி வந்து மெயில் திரும்பி வந்தால் மேலே சொன்ன போலி ஐடி, தட்டுப்பிழை விவகாரம். இரண்டு தலைப்பை ஒப்பிட ஒவ்வொரு தலைப்புக்கும் தனி லிங்க் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சில நூறு பேர் வரும்வரை பொறுங்கள். 40 பேரில் 6, இன்னொரு 40 பேரில் 9 என்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.