கஜல் எழுதுபவர்களின் கேள்விகள்

கேள்வி: கஜலில் ஒவ்வொரு ஷேரும், அதாவது ஒவ்வொரு ஈரடியும், தனித்தனி என்கிறார்கள். அப்படியானால் ஒரே கவிதை என்று எதை வைத்துச் சொல்வது?

உருதுக் கவிஞர் காலிபின் ‘தில்-ஏ-நாதான்’ கஜலைப் பாருங்கள். முதல் ஷேரின் இரண்டு அடிகளும் ‘ஹுவா க்யா ஹை’, ‘தவா க்யா ஹை’ என்று முடிகின்றன. அதுதான் மத்லா. ‘க்யா ஹை’ கடைசிவரை மாறாமல் வரும் ரதீஃப். அதற்கு முன்னால் நிற்கும் ஹுவா, தவா இரண்டும் காஃபியா. மத்லாவுக்குப் பிறகு இரண்டாம் அடியில் மட்டும் இவை வந்தால் போதும்.

அந்த ரதீஃப் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். மத்லாவில் ‘இந்த வலிக்கு மருந்துதான் என்ன’ என்ற தவிப்பு. கடைசி ஷேரில் ‘புரா க்யா ஹை’, அதாவது ‘சும்மா கிடைத்தால் என்ன கெட்டுப்போகிறது’ என்ற குறும்பு. சொல் அதேதான், குரல் வேறு. கதை தொடராமலேயே கஜல் ஒன்றாக நிற்பது இதனால்தான்.

கேள்வி: இரண்டு வரியில் தனியாக நிற்பது என்றால் நம் திருக்குறளும் கஜல்தானே?

இல்லை. குறள்களுக்குள் பொது ரதீஃபும் கிடையாது, காஃபியாவும் கிடையாது. நமக்கு எதுகை அடியின் தலையில் விழும். கஜலில் சுமை முழுக்க அடியின் வாலில்.

கேள்வி: தமிழில் ஒன்று எழுதிக் காட்டுங்களேன்.

‘மட்டும்’ ரதீஃப். மத்லா இப்படி:

மழை நின்ற பின்னும் சொட்டுகிறது மரம் மட்டும்
நீ போன பின்னும் அசைகிறது கரம் மட்டும்

இதோடு சட்டம் எழுதியாகிவிட்டது. இனி ‘-அரம்’ என்று முடியும் சொல்தான் காஃபியா. எனக்குக் கிடைத்தவை நகரம், வரம், தரம், சிகரம், சரம். முதல் அடியை விட்டுவிட்டு, ‘நகரம் மட்டும்’ எங்கே வந்து விழும் என்று பின்னாலிருந்து யோசித்தேன்:

வயல் போனது, வரப்பு போனது, கிணறும் போனது
வரைபடத்தில் நாளுக்கு நாள் வளர்கிறது நகரம் மட்டும்

காதலி எங்கே என்று யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்தது வேறு திசை:

தெய்வம் எதிரே நின்றபோது என்னென்னவோ கேட்டுத் தீர்த்தேன்
மறந்தே போனது கேட்க வந்த வரம் மட்டும்

முதல் அடி எதிர்பார்ப்பைக் கிளப்ப வேண்டும், காஃபியா வரும்வரை விடை தெரியக் கூடாது. முஷாயிரா என்ற உருதுக் கவியரங்கில் முதல் அடியை இரண்டு மூன்று முறை சொல்லிக் காத்திருக்கவைப்பது அதற்காகத்தான்.

கேள்வி: இதே கஜலுக்கு நான் எழுதியது: ‘அதனால்தான் அவள் திரும்பிப் பார்க்கவில்லை போலும் / என் வாசலில் மிச்சம் இருப்பது ஈரம் மட்டும்’. ஈரம், மரம் இயைகிறதே, சரிதானே?

காதுக்கு இயைகிறது, பாதி சரி. ஆனால் மத்லாவில் குறில் ‘அ’வோடு ‘ரம்’ வந்துவிட்டது. ஈரமும் பாரமும் நெடிலில் தொடங்குபவை, கண்டிப்பான உருதுக்காரர் ஒப்பமாட்டார். தமிழில் ‘ரம்’ போதும் என்று தளர்த்தி எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அப்படித் தளர்த்துவதானால் மத்லாவிலேயே மரம், ஈரம் என்று காட்டிவிடுங்கள், நடுவழியில் வேண்டாம்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது ‘அதனால்தான்’. எதனால்? முந்தைய ஷேரைத் தேடச் சொல்கிறது. ஷேரைத் தனித்தாளில் எழுதி, ஒன்றும் தெரியாத ஒருவரிடம் நீட்டிப் பாருங்கள். ‘யார்? ஏன்?’ என்றால் அது நிற்கவில்லை. காலிபே சில இடங்களில் ஷேர்களைத் தொடுத்து எழுதியிருக்கிறார், அதற்குக் கிதா என்று பெயர். அது தெரிந்தே செய்வது.

கேள்வி: ‘வந்தான் மட்டும், சென்றான் மட்டும்’ என்று வினைமுற்றில் காஃபியா வைத்தால் எளிதாக இருக்குமே?

எளிது என்பதுதான் சிக்கல். அங்கே இயைவது சொல் அல்ல, ‘ஆன்’ விகுதி. உருதுவிலும் விகுதியை மட்டும் நம்பிய காஃபியா குற்றம்தான், ஈத்தா என்பார்கள். அதோடு ‘வந்தான் மட்டும்’ தமிழாகவும் இல்லை.

ரதீஃபை ஒட்டவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஒரு நண்பர் அனுப்பியது: ‘கூந்தலுக்கு அழகு சேர்த்தது பூச்சரம் மட்டும்’. புகழ்வதாக நினைத்து, கூந்தலில் வேறு அழகே இல்லை என்று சொல்லிவிட்டார்! ‘மட்டும்’ எடுத்துவிட்டுப் படியுங்கள். பொருள் மாறவில்லை என்றால் ரதீஃப் வெறும் ஒட்டு. மேலும் நன்றாகிவிட்டால் ஷேரையே விட்டுவிடலாம்.

கேள்வி: சந்தம்? உருதுச் சந்த அளவான பஹரை அப்படியே கொண்டுவர முடியுமா?

நான் அடிக்கு ஆறு சீர் என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன், மேலே நான் எழுதியவை அப்படித்தான். நெடில் குறில் கணக்கை அப்படியே பிடிக்க முயன்றவர்களோடு எனக்கு இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு சீர் தளர்வு என்கிறார்கள், பாடிப் பார்த்தால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கடைசியில் புனைபெயர் வைத்தே ஆக வேண்டுமா? என் பெயர் ரொம்ப நீளம்.

கட்டாயமில்லை. பெயர் இல்லாமல் முடியும் கஜல்களை ஏராளமாகப் பார்க்கலாம். வைப்பதானால் முதல் அடியில் வையுங்கள். இரண்டாம் அடியின் வால் ஏற்கெனவே காஃபியாவுக்கும் ரதீஃபுக்கும் போய்விட்டது.