கிணற்று மோட்டார் போடும் முறையும் அதற்குள் ஒரு கதையும்

கேள்வி: ஒரு கதையைக் கதையாகச் சொல்லாமல் செய்முறைக் குறிப்பு மாதிரி எழுதி, உண்மையான கதையை அதற்கு அடியில் வைப்பது எப்படி? படிக்கிறவர்களுக்குப் புரியுமா?

புரியும். ஆனால் அந்தக் குறிப்பை யார், யாருக்கு, ஏன் இப்போது எழுதுகிறார் என்பதை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். அது தெரியாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டாம் பத்தியிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

நான் எழுதிய ஒன்றை வைத்தே சொல்கிறேன். பல்லடத்துக்குத் தெற்கே ஒரு தோட்டம். வயசான விவசாயி ஒருவர் பூமியைக் குத்தகைக்கு விடுகிறார். புதுக் குத்தகைக்காரருக்குக் கிணற்று மோட்டாரை எப்படிப் போடுவது என்று ஒரு நோட்டில் எழுதித் தருகிறார். கதை முழுக்க அந்த நோட்டுதான். ஒருத்தர் தன் தோட்டத்து மோட்டாரைப் பற்றி இன்னொருத்தருக்கு எழுதித் தரவேண்டிய நிலை ஏன் வந்தது என்ற கேள்வி முதல் வரியிலேயே தானாக எழுந்துவிடுகிறது. அதை நான் எங்கேயும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகளின் அமைப்பு தெரிந்தால்தான் மற்றது விளங்கும். பம்ப் தண்ணீரை ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்திலிருந்துதான் உறிஞ்சும். தண்ணீர் அதற்கும் கீழே கிடப்பதால் மோட்டாரைக் கரைமேல் வைக்க முடியாது. கிணற்றுக்குள் பாறையில் திட்டு வெட்டி அதன்மேல் வைப்பார்கள். ஸ்டார்ட்டரும் ஃபியூஸும் மேலே மோட்டார் ரூமில் இருக்கும். ஆக ஏதாவது வேலை என்றால் ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே. இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு கதைக்கான இடம் இருக்கிறது.

முதல் பாதியில் நான் கதையைத் தொடவே இல்லை. வெறும் மோட்டார்தான்:

> ஃபுட்வால்வு தண்ணி நிக்காம விட்டுட்டா மோட்டார் ஓடும், தண்ணி ஏறாது. அப்ப நிறுத்திட்டு, ஏர் காக்கைத் திறந்து, குடத்துல தண்ணி ஊத்துங்க. காத்து பூரா வெளிய போயி அது வழியா தண்ணி வந்தப்புறம் மூடோணும். கிளாண்டுல சொட்டுச் சொட்டா ஒழுகறது நல்லதுதானுங்க. ஒழுகுதுன்னு இறுக்கிட்டா சாஃப்ட்டு சூடாயிரும்.

இந்தப் பகுதி பொய்யாக இருந்தால் அடியில் இருக்கும் கதையையும் யாரும் நம்பமாட்டார்கள். குத்தகைக்காரர் இதை வைத்துக்கொண்டு நிஜமாகவே மோட்டாரைப் போட முடியவேண்டும். எழுதுகிறவர் அக்கறையான மனிதர் என்பதும் இங்கேதான் பதிகிறது. அவரைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித்தரும் விதத்திலேயே ஆள் தெரிகிறார்.

பிறகு இந்த வரிகள் வருகின்றன:

> கீழே ஆள் இறங்கினா ஃபியூஸ் கேரியரைக் கழட்டி உங்க மடியில வெச்சுக்குங்க. வேற ஒருத்தர் கையில குடுக்காதீங்க. குரல் குடுத்துப் பதில் வந்துச்சுன்னு மாட்டக்கூடாதுங்க. ஆள் மேலே ஏறி வந்து நிக்கறதைக் கண்ணுல பாத்தப்புறந்தான் மாட்டோணும்.

> ஆட்டோ வேண்டாம்னு கழட்டியாச்சுங்க. ராத்திரி கரண்ட் வந்தா எந்திரிச்சுப் போய்த்தான் போடோணும்.

மும்முனைக் கரண்ட் எந்நேரம் வரும் என்று தெரியாத ஊரில் ஆட்டோவில் போட்டுவிட்டுத் தூங்குவதுதான் வழக்கம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பிக்கும். கீழே ஆள் இருக்கும்போது கேரியரை மாட்டினாலும் அப்படித்தான். ‘கழட்டி வையுங்கள்’ என்பது எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை. ‘பதில் வந்துச்சுன்னு மாட்டக்கூடாது’ என்பதை ஒருத்தர் அனுபவித்திருந்தால் மட்டுமே எழுத முடியும். இந்த வடிவத்தில் கதை ஒளியும் இடம் இதுதான்: தேவைக்கு மேல் துல்லியமான, காரணம் சொல்லாத ஒரு விதி.

கதையை எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கேரியர் வரியில் நிறுத்தினார். “ஏனுங்கண்ணா, இது யாருக்கு ஆச்சுங்க?” என்று கேட்டார். மோட்டார் பக்கமே போகாத என் சித்தி பெண் அதே வரியைச் சாதாரணமாகத் தாண்டிப் போனாள். அவளை நிறுத்தியது வேறொன்று:

> திட்டுக்கு மேல சுவத்துல வெள்ளைப் பெயிண்ட்டுல ஒரு கோடு இருக்கும். பக்கத்துல ‘கு’ன்னு எழுத்து. வாய்க்கால்ல தண்ணி விட்டாக் கிணத்துல ஊத்து ஏறும். கோட்டுக்கு வந்துட்டா செயின் பிளாக் போட்டு மோட்டாரை மேலே தூக்கிருங்க. கோடு மங்கிப் போச்சுன்னா மறுக்கா அடிச்சுக்கலாம். எழுத்து மேல அடிக்க வேண்டாங்க.

அதனால் என் யோசனை, தடயம் இரண்டு வகையாக இருக்கட்டும். ஒன்று தொழில் தெரிந்தவருக்கு, இன்னொன்று யாருக்கும். இரண்டும் ஒரே ஆளைக் காட்டவேண்டும்.

இந்த வடிவம் கெட்டுப்போவது பெரும்பாலும் இதே இடத்தில்தான். ‘எழுத்து மேல அடிக்க வேண்டாங்க, அது என் பையன் எழுதினது’ என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். குத்தகைக்காரருக்கு எழுதிய நோட்டு அந்த நொடியில் வாசகருக்கு எழுதியதாக மாறிவிடும். அந்த மனிதர் புதிதாக வந்தவரிடம் அதைச் சொல்லமாட்டார். சொல்ல முடியாததால்தான் மோட்டாரைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறார். ஒவ்வொரு வரியிலும் ‘இது குத்தகைக்காரருக்கு எதற்கு?’ என்று கேளுங்கள். பதில் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு. மோட்டார் சமாச்சாரங்களை எல்லாம் நீக்கிவிட்டுப் படித்தால் கதை அப்படியே நிற்கிறதா? நின்றால் இந்த வடிவம் வெறும் ஒப்பனை, நேராகவே எழுதிவிடலாம். என் கதையில் அவற்றை நீக்கினால் ஒன்றும் மிஞ்சாது. கேரியர் இல்லாமல் குற்றவுணர்வு இல்லை, கோடு இல்லாமல் பையன் இல்லை.

வழிசொல்லும் பேச்சுக்குள் சொந்த வாழ்வை வைப்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. ஆற்றுப்படை முழுக்கவே ‘இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார்’ என்று சொல்லும் வடிவம். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனிடம் போகச் சொல்லும் பாணன், நடுவில் தன் வீட்டுப் பழைய சமையற்கட்டைச் சொல்கிறான். குட்டி போட்ட நாய் பால் இல்லாமல் குரைக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். கேட்பவனும் அதே பசியில் இருப்பவன் என்பதால்தான் அதைச் சொல்ல முடிகிறது. என் விவசாயிக்கு அப்படி ஒரு கேட்பவர் இல்லை. அதனால் அவர் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு வெளியே வரும் என்பதும் அமையும்.

இதற்கு எல்லையும் உண்டு. இருவருக்கு இடையே பேச்சு வளர்ந்து திசைமாறும் கதைக்கு இது ஒத்துவராது, குறிப்பில் எதிர்க்குரலுக்கு இடமில்லை. நாலைந்து பக்கத்துக்கு மேல் போனால் விதிகள் சலிக்கத் தொடங்கும். ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றை, அதைச் சொல்ல வாயில்லாத ஒருவர் தினமும் சுற்றிவரும் கதையாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் தினமும் கையால் செய்கிற வேலை எதுவோ, அதற்கான குறிப்பை எழுதத் தொடங்குங்கள்.