"வெட்டு முடிந்ததும் மூன்று இலட்சம் தருகிறேன், கணக்கை முடியுங்கள்" என்கிறார்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் உதிரிப்பாகக் கடையும் திருத்தகமும் வைத்திருக்கிறேன். படுவான்கரையில் நெல் வெட்டும் இயந்திரம் ஓட்டும் ஒருவர் ரூ. 480,000 பாக்கி. எல்லாம் பில் போட்டுக் கடனுக்குக் கொடுத்தது. எனக்கு மச்சான் முறை வேறு. கடைசியாகக் கடந்த மார்ச் 20 அன்று வங்கியில் ரூ. 60,000 போட்டார், பிறகு ஒன்றும் இல்லை. நவம்பரில் "ரூ. 360,000 தந்தால் கணக்கு முடிந்தது" என்று கடிதம் கொடுத்தேன். இப்போது ஜனவரி. வெட்டு முடிந்ததும் ரூ. 300,000 தருவதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். வங்கி மேலதிகப் பற்றுக்கு நான் வருடம் 15 வீத வட்டி கட்டுகிறேன். சம்மதிக்கலாமா?

பதில்: ரூ. 300,000 போதுமா என்பதைப் பிறகு பார்ப்போம். உங்கள் சிக்கல் தொகையில் இல்லை, "வெட்டு முடிந்ததும்" என்ற சொல்லில் இருக்கிறது.

கடனுக்கு வழக்குப் போடக் காலவரம்பு வைக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கடையில் கடனுக்குக் கொடுத்த பொருளுக்கும் செய்த வேலைக்கும் அது தரும் காலம் ஒரே ஒரு வருடம். கடனாளி ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடன் இருப்பதை ஏற்று எழுதிக் கையெழுத்திட்டாலோ அந்த வருடம் புதிதாகத் தொடங்கும். வாய்ப்பேச்சு, சந்தியில் கண்டு "தருவேன் மச்சான்" என்று சொன்னது எதுவும் கணக்கில் வராது. ஆகவே உங்களுக்கு இப்போது உயிர் கொடுத்துக்கொண்டிருப்பது மார்ச் 20 அன்று வங்கியில் விழுந்த அந்த ரூ. 60,000தான். அந்த வங்கிக் கூற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். பெரும்போக வெட்டு பெப்ரவரி, மார்ச் என்று இழுபடும். அவர் வேண்டுமென்று தள்ளிப்போடாவிட்டாலும், காசு கைக்கு வரும் நாளில் உங்கள் வருடம் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் மூன்று இலட்சம் தருவதும் முப்பதாயிரம் தருவதும் அவருடைய மனச்சாட்சியைப் பொறுத்த விடயம்.

வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள், ஆனால் அதை நம்பியும் இருக்காதீர்கள். அதில் அவர் ரூ. 480,000 பாக்கி என்று எங்கும் சொல்லவில்லை. மூன்று இலட்சத்தோடு முடிப்போம் என்றுதான் சொல்கிறார்.

இந்த வாரமே இரண்டு தனித்தனிக் கடிதங்கள் தயாரியுங்கள். பலர் இரண்டையும் ஒன்றாக எழுதிவிடுகிறார்கள். சமரச முன்மொழிவின் தலையில் "உரிமைக்குப் பாதகமின்றி" என்று போடுவது வழக்கம், போடவும் வேண்டும். அப்படிப் போட்டால் குறைத்துக் கேட்ட தொகையைப் பிடித்துக்கொண்டு "இவரே இவ்வளவுதான் பாக்கி என்றார்" என்று எதிர்த்தரப்பு பின்னால் வாதிட முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு இரு பக்கமும் வெட்டும். அதே தாளில் அவர் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், அதையும் நீதிமன்றத்தில் காட்ட உங்களால் முடியாமல் போகலாம். எனவே ஒப்புதல் ஒரு தாளில், சலுகை இன்னொரு தாளில்.

முதல் தாளில் தலைப்பு எதுவும் வேண்டாம், இவ்வளவு போதும்: "கீழே காட்டிய பில்களின்படி இன்றைய திகதியில் நான் தங்களுக்குச் செலுத்த வேண்டிய மீதி ரூ. 480,000 (நான்கு இலட்சத்து எண்பதாயிரம்) என்பதை ஒப்புக்கொள்கிறேன்." கீழே பில் இலக்கங்கள், திகதி, கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்திட வேண்டும். வருடக் கணக்கு முடிப்பதற்காக எல்லா வாடிக்கையாளரிடமும் மீதி உறுதிக் கடிதம் வாங்குகிறேன் என்று சொன்னால் மச்சானுக்கும் மனம் நோகாது. உண்மையிலேயே எல்லோரிடமும் வாங்குங்கள்.

இரண்டாவது தாளுக்கு முன் தொகை. மாதம் ரூ. 20,000 வீதம் 24 மாதத்தில் முழுவதையும் கட்டுவார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 15 வீத வட்டியில் கணக்கிட்டால் அதன் இன்றைய பெறுமதி ஏறத்தாழ ரூ. 412,000. ஆனால் பத்து மாதமாக ஒரு சதமும் கட்டாதவர் இருபத்துநான்கு மாதம் தவறாமல் கட்டுவாரா? பாதியில், பன்னிரண்டு மாதத்தோடு நின்றால் அதே பெறுமதி ரூ. 222,000 அளவுக்கு இறங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் பேச வேண்டியது. முந்நூறு மிக மோசமான தொகை அல்ல. என்றாலும் அவர் கேட்டதும் அங்கே இறங்கினால் மாசி முடிவில் இருநூற்றைம்பது என்று வரும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரூ. 340,000 என்று நிறுத்தி, அதில் ரூ. 50,000ஐக் கையெழுத்திடும் அன்றே கேட்பேன். மீதி ரூ. 290,000 மார்ச் 25க்குள். தொகையில் இருபதாயிரம் இறங்கியதற்கு ஈடாக உங்களுக்கு ஒரு திகதியும் கையில் காசும் கிடைக்கின்றன. இன்று ஐம்பதாயிரம் புரட்ட முடியாதவர் மார்ச்சில் மூன்று இலட்சம் தருவார் என்பதை நான் நம்பமாட்டேன்.

கடிதத்தில் இருக்க வேண்டிய வாசகம்: "நவம்பர் மாதக் கடிதம் இத்துடன் இரத்தாகிறது. ரூ. 50,000 இன்றும், ரூ. 290,000 மார்ச் 25 பிற்பகல் 3 மணிக்கு முன்னும் எனது வங்கிக் கணக்கில் தீர்ந்த பணமாக வந்து சேர்ந்தால் மட்டும், மீதி ரூ. 140,000ஐக் கைவிடுவேன். அவ்வாறு வராவிட்டால் இச்சலுகை தானாகவே முடிவடையும். அதுவரை கட்டிய தொகை ரூ. 480,000இல் கழிக்கப்பட்டு எஞ்சியது முழுவதும் உடனே செலுத்தத்தக்கதாகும்." முதல் வரி அவசியம். உங்கள் பழைய கடிதத்தில் முடிவுத் திகதியே இல்லை. அவர் குறைத்துக் கேட்டதோடு அது சட்டப்படி முடிந்துபோனது என்று வாதிடலாம், ஆனால் வாதிடும் நிலைக்கு ஏன் போக வேண்டும்? "தீர்ந்த பணம்" என்றால் காசோலையைக் கையில் தந்தது போதாது, அது மாறிக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். பின்திகதியிட்ட காசோலை நமது பக்கத்தில் மரியாதையாகக் கருதப்படுவது தெரியும், இந்தக் காரியத்துக்கு அது வேண்டாம்.

ஐம்பதாயிரத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதும்போது "கணக்கில் வரவு, மீதி ரூ. 430,000" என்று எழுதுங்கள். "தீர்வுக்காக" என்று எழுதாதீர்கள். மூன்று இலட்சத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வங்கியில் போட்டு, குறிப்பில் "இறுதிக் கொடுப்பனவு" என்று எழுதிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் அன்றைக்கே, "கணக்கில் வரவு வைத்தேன், மீதி இவ்வளவு" என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். மௌனமாக இருந்தால் நீங்கள் சம்மதித்ததாகச் சொல்ல இடமாகிவிடும். தள்ளுபடிக்கான வரவுக் குறிப்பைப் புத்தகத்தில் போடுவதும் முழுப் பணம் ஏறிய பிறகுதான்.

அவர் முதல் தாளில் கையெழுத்திட மறுத்தால் சலுகைக் கடிதத்தைக் கொடுக்கவே வேண்டாம். பெப்ரவரி பிறக்கும் முன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். இந்த அளவு தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது, சபை கூடுவதற்கும் நாள் பிடிக்கும். மார்ச் 20ஐ மனதில் வைத்து அங்கிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணுங்கள்.