குழுத் தேர்வுக் கணக்கு: வெளியே நிற்பவரை எண்ணுங்கள்

கேள்வி: "இவர் வந்தா அவரும் வரணும், இவங்க ரெண்டு பேரும் சேரக் கூடாது"ன்னு வர்ற கணக்குல எல்லாச் சேர்க்கையும் எழுதியே நேரம் போயிடுது. சுருக்கு வழி இருக்கா?

இருக்கு. முதலில் விதிகளைக் குறியாக மாற்றி ஓரமாக எழுதுங்கள். கமலா, மணி, ரவி, செல்வி, வேலு, பாபு ஆகிய ஆறு பேரில் நால்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

க → ம (கமலா வந்தால் மணியும் வர வேண்டும்)
ம × ர (இருவரும் சேரக் கூடாது)
செ = வே (வந்தால் இருவரும், இல்லையேல் இருவருமே இல்லை)

நால்வர் உள்ளே என்றால் வெளியே இருவர்தான். நான் எப்போதும் இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன். மணி, ரவி இருவரில் ஒருவராவது வெளியே நின்றாக வேண்டும். அப்புறம் ஓரிடம்தான் மிச்சம். அதில் செல்வி, வேலு ஜோடி அடங்காது. ஆகவே எந்தக் குழுவிலும் இவர்கள் உண்டு.

இனி ரவியை வைத்துப் பிரியுங்கள். ரவி உள்ளே என்றால் மணி வெளியே. மணி இல்லாததால் கமலாவும் வெளியே. நான்காவது ஆள் பாபு. ரவி வெளியே என்றால் கமலா, மணி, பாபு மூவரில் இருவர் வேண்டும். கமலா, பாபு சேர்க்கை முதல் விதியை மீறும். மற்ற இரண்டும் சரி. பதினைந்து சேர்க்கைகளில் தேறியவை மூன்றே.

பலர் சறுக்குவது முதல் விதியில்தான். அம்புக்குறி ஒருவழிப் பாதை. "மணி வந்தால் கமலாவும் வர வேண்டும்" என்று திருப்பிப் படித்தால் மணி, பாபு சேர்ந்த குழு தவறிப்போகும். "மணி இல்லையேல் கமலா இல்லை" என்று திருப்பலாம், அது சரி.